ஏற்றியபோது இருந்த புள்ளி எங்கே போயிற்று? யூடியூப் மறுசுருக்கமும் திரையில் உள்ள சிறு எழுத்துகளும்

எக்செல் விரிதாளில் சம்பளப் பட்டியல் தயாரிப்பது எப்படி என்று தமிழில் விளக்கும் ஒரு பாடக் காணொளியை எடுத்துக்கொள்வோம். நெடுவரிசைத் தலைப்புகள் எல்லாம் தமிழில் உள்ளன, எழுத்தின் அளவு 11 பாயிண்ட், பதிவு 1920×1080. பதிவு செய்தவரின் கணினியில் கோப்பு கண்ணாடி போலத் தெளிவாக ஓடுகிறது. அதே காணொளியை யூடியூபில் ஏற்றி ஒரு மாணவர் கைப்பேசியில் திறக்கும்போது "பிடித்தம்" என்ற சொல்லின் த் மேல் இருந்த புள்ளி கரைந்திருக்கிறது, ணவும் னவும் ஒன்றுபோல் தெரிகின்றன, எண்களைச் சுற்றி அழுக்கு அப்பியது போன்ற சாம்பல் நிழல் படிந்திருக்கிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, எடிட்டிங் மென்பொருளில் ஏற்றுமதி பிட்ரேட்டை, அதாவது ஒவ்வொரு நொடிக்கும் செலவிடும் பிட் அளவை, இரண்டு மூன்று மடங்கு உயர்த்தி மீண்டும் ஏற்றுவதுதான். கோப்பு பெரிதாகிறது, ஏற்றும் நேரம் நீள்கிறது, புள்ளி மட்டும் திரும்பி வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பது புரிந்துவிட்டால், எதை உயர்த்த வேண்டும், எதை உயர்த்துவது வீண் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

நாம் ஏற்றும் கோப்பைப் பார்வையாளர் ஒருபோதும் பார்ப்பதில்லை. யூடியூப் அதைப் பிரித்து, 144p தொடங்கி நாம் கொடுத்த தெளிவுத்திறன் வரை பல படிநிலைகளில் தானே புதிதாகச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. பார்வையாளருக்குப் போவது அந்தப் புதுப் பிரதிகளில் ஒன்று. ஒவ்வொரு படிநிலைக்கும் எத்தனை பிட் செலவிடலாம் என்பதை முடிவு செய்வது யூடியூபின் கணக்கே தவிர நம் கோப்பின் பிட்ரேட் அன்று. 1080p கோப்பை நொடிக்கு 12 மெகாபிட், அதாவது 12 எம்பிபிஎஸ் அளவில் கொடுத்தாலும் 60 எம்பிபிஎஸ் அளவில் கொடுத்தாலும், வெளியே வரும் 1080p பிரதிக்குக் கிடைக்கும் ஒதுக்கீடு ஏறத்தாழ ஒன்றுதான். அது பெரும்பாலும் நாம் ஏற்றிய அளவுக்கு வெகு கீழேதான் இருக்கும்.

அப்படியானால் ஏற்றும் பிட்ரேட்டுக்குப் பொருளே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது கீழ்வரம்பாக மட்டுமே வேலை செய்கிறது. காணொளிச் சுருக்கம் படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மெல்ல மாறும் அலைகளும் வேகமாக மாறும் அலைகளும் சேர்ந்த கலவையாக எழுதிக்கொள்கிறது. வானம், சுவர், முகம் போன்றவற்றுக்கு மெல்ல மாறும் அலைகளே பெரும்பாலும் போதும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்பது நேர் எதிர்: ஒரே பிக்சலில் வெள்ளை கறுப்பாக மாறும் விளிம்பை எழுத, வேகமான அலைகள் அத்தனையும் தேவைப்படுகின்றன. பிட் பற்றாக்குறை வந்ததும் சுருக்கி முதலில் தோராயமாக்குவது அந்த வேகமான அலைகளைத்தான், ஏனெனில் சாதாரணக் காட்சிகளில் அவை போனது கண்ணுக்குத் தெரிவதில்லை. எழுத்தில் அவை போனால் விளிம்பைச் சுற்றி அலையலையாக நிழல் படிகிறது. ஏற்றும் கோப்பு ஏற்கெனவே குறைந்த பிட்ரேட்டில் சுருக்கப்பட்டு அந்த நிழலைச் சுமந்திருந்தால், யூடியூபின் சுருக்கிக்கு எழுத்து எது, நிழல் எது என்று பிரித்தறியத் தெரியாது. இரண்டையுமே நுண்விவரமாக எண்ணி, இருக்கும் கொஞ்சப் பிட்டை நிழலைக் காப்பாற்றவும் செலவழிக்கும். மூலக் கோப்பில் நிழல் இல்லாதபடி பார்த்துக்கொள்வது மட்டுமே பிட்ரேட்டால் ஆகும் வேலை. அந்த அளவைத் தாண்டிய பிறகு கூட்டும் ஒவ்வொரு எம்பிபிஎஸும் பதிவேற்றச் செலவைத்தான் கூட்டுகிறது.

யூடியூப் தன் உதவிப் பக்கத்தில் ஏற்றுவதற்குப் பரிந்துரைக்கும் அளவுகள், நொடிக்கு 24 முதல் 30 சட்டங்கள் கொண்ட காணொளிக்கு, 1080p என்றால் 8 எம்பிபிஎஸ், 1440p என்றால் 16, 2160p என்றால் 35 முதல் 45 வரை. இவை எல்லா வகைக் காட்சிகளுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை. திரைப்பதிவு விசித்திரமான பண்டம்: பாடம் நடத்துபவர் பேசிக்கொண்டிருக்கும் இருபது நொடியில் திரையில் சுட்டியைத் தவிர வேறு எதுவும் நகராது, அப்போது ஓரிரு எம்பிபிஎஸே அதிகம், தாளை உருட்டும் ஒரு நொடியிலோ முப்பது எம்பிபிஎஸும் போதாது. ஆகவே நிலையான பிட்ரேட் ஒன்றைக் கட்டாயப்படுத்துவதைவிட, தரத்தை நிலையாக வைத்துப் பிட்ரேட்டை அதன் போக்கில் ஏறி இறங்க விடுவதே திரைப்பதிவுக்குப் பொருத்தம். எக்ஸ்264 சுருக்கியில் அதற்கான வழி CRF என்ற அமைப்பு. எண் குறையக் குறையத் தரம் கூடும். 14 முதல் 17 வரை வைத்தால், மூலத்துக்கும் அதற்கும் எழுத்தில் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். பத்து நிமிடப் பாடத்தை 45 எம்பிபிஎஸ் நிலையான பிட்ரேட்டில் எழுதினால் கோப்பு ஏறத்தாழ 3.4 ஜிபி ஆகும். 10 எம்பிபிஎஸ் பதிவேற்றம் கொடுக்கும் இணைப்பில் அதற்கு முக்கால் மணி நேரம் வேண்டும். அதே பாடத்தைத் தர அடிப்படையில் எழுதினால் கோப்பு பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்காகத்தான் வரும். தரத்தில் இழப்பு இருக்காது.

உண்மையான நெம்புகோல் பிட்ரேட்டில் இல்லை, எந்தப் படிநிலைகளை யூடியூப் உருவாக்க வேண்டும் என்று நாம் நிர்ணயிப்பதில் இருக்கிறது. 1080p கோப்பை ஏற்றினால் 1080p வரைதான் பிரதிகள் உண்டாகும். அதிகப் பார்வை இல்லாத சேனல்களில் அந்தப் பிரதி பெரும்பாலும் பழைய எச்.264 சுருக்க முறையில், குறைந்த ஒதுக்கீட்டில் அமைகிறது. 1440p அல்லது 2160p கோப்பை ஏற்றினால் அந்த மேல் படிநிலைகள் உருவாகின்றன, அவை எச்.264 முறையில் வழங்கப்படுவதில்லை, விபி9 அல்லது ஏவி1 முறையில்தான் வழங்கப்படுகின்றன, ஒதுக்கீடும் கணிசமாக உயர்கிறது. 1080p திரையில் பார்ப்பவர்கூட 2160p பிரதியைத் தேர்ந்தெடுத்தால், அவருடைய உலாவி நான்கு பிக்சலை ஒன்றாகச் சுருக்கிக் காட்டும்போது சுருக்கத்தின் பிழைகளும் சேர்ந்து சுருங்கிவிடும். அதனால்தான் 1080p பதிவை வெறுமனே பெரிதாக்கி 2160p என்று ஏற்றுவது, புதிய விவரம் எதுவும் சேராவிட்டாலும், பலன் தருகிறது. இதை ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அகலமான சாலை வேண்டும் என்று கேட்பது மட்டுமே இது. வண்டியைப் பெரிதாகக் காட்டுவது அன்று.

ஆனால் பெரிதாக்கும் விதத்தில் கவனம் வேண்டும். 1080-ஐ 2160 ஆக்கினால் ஒவ்வொரு பிக்சலும் சரியாக இரண்டுக்கு இரண்டு கட்டமாகிறது. விளிம்பு விளிம்பாகவே இருக்கும். 1080-ஐ 1440 ஆக்கினாலோ ஒரு பிக்சல் ஒன்றேகால் பிக்சலுக்குச் சற்றுக் கூடுதலாக விரிய வேண்டியிருக்கிறது. மென்பொருள் அக்கம்பக்கத்தைக் கலந்து நிரப்புகிறது, ஏற்றுவதற்கு முன்பே எழுத்து மங்கிவிடுகிறது. பழைய மடிக்கணினிகளின் 1366×768 திரை இந்த வகையில் மிகவும் சங்கடமானது, ஏனெனில் அது எந்தப் படிநிலைக்கும் முழு மடங்காகப் பொருந்துவதில்லை. அப்படிப்பட்ட கணினியில் திரையின் அமைப்பையே 1280×720 ஆக மாற்றிப் பதிவு செய்வது நல்லது. மாற்றியதும் திரை மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துப் பலர் பயந்து திரும்பிவிடுகிறார்கள். மங்கல் கண்ணாடித் திரையில்தான் இருக்கிறது, பதிவில் இல்லை. பதிவு மென்பொருள் எடுத்துக்கொள்வது கணினி வரைந்த 1280×720 பிக்சல்களை அப்படியேதான். 720-ஐ இரட்டித்தால் 1440, மும்மடங்காக்கினால் 2160 என்று இரண்டு மேல் படிநிலைகளுக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இரட்டிப்பதில் இன்னொரு ஆதாயமும் மறைந்திருக்கிறது. யூடியூபும் ஏனைய தளங்களும் வழங்கும் காணொளிகளில் ஒளியளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக வைக்கப்பட்டாலும், நிறத் தகவல் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். 4:2:0 என்று குறிக்கப்படும் இந்த ஏற்பாடு முகங்களுக்கும் மரங்களுக்கும் தீங்கு செய்வதில்லை. வண்ண எழுத்துக்கு மட்டும் பெருங்கேடு. ஒளியளவைக் கணக்கிடும் சூத்திரம் இது:

```
Y = 0.2126 R + 0.7152 G + 0.0722 B
```

தூய சிவப்பின் ஒளியளவு 0.21, தூய நீலத்தினது 0.07. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைத்தால், எழுத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் வேறுபாடு ஏறத்தாழ முழுவதும் நிறத்தில்தான் இருக்கிறது. அந்த நிறமோ பாதித் தெளிவில்தான் போய்ச் சேருகிறது. கறுப்பில் மஞ்சள் வைத்தால் ஒளியளவு வேறுபாடு 0.9-க்கு மேல், எழுத்து தப்பிவிடும். பதிவை 4:4:4 என்ற முழு நிற முறையில் எடுத்து, 1280×720-ஐ 2560×1440 ஆக இரட்டித்து 4:2:0 ஆக்கினால், அந்த 1440p கோப்பின் நிறத் தளம் சரியாக 1280×720 அளவில் அமைகிறது. மூலப் பதிவின் நிறத் தளமும் அதே அளவுதான் என்பதால் ஒரு நிறப் பிக்சலும் தொலைவதில்லை.

இனி அந்தச் சம்பளப் பட்டியலுக்கே திரும்பி முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 100 விழுக்காடு அளவில் 11 பாயிண்ட் எழுத்தின் உயரம் ஏறத்தாழ 15 பிக்சல். அதில் மெய்யெழுத்தின் புள்ளி சுமார் இரண்டு பிக்சல். 1080p பதிவை 480p பிரதியில் பார்த்தால் எல்லாம் ஒன்பதில் நான்கு பங்காகச் சுருங்கும்: எழுத்து ஆறரைப் பிக்சல், புள்ளி ஒரு பிக்சலுக்கும் குறைவு. ஒரு பிக்சலுக்குக் குறைவானதை எந்தப் பிட்ரேட்டும் எந்தக் கோடெக்கும் மீட்டுத் தர இயலாது. தரவைச் சிக்கனப்படுத்தக் கைப்பேசியில் 480p வைத்துப் பார்க்கும் மாணவருக்கு நாம் 2160p ஏற்றியதால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு உதவுவது எழுத்தின் அளவு மட்டுமே. இதை நேர்மாறாகக் கணக்கிட வேண்டும்: 480p பிரதியிலும் எழுத்து 15 பிக்சலாவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 720 வரிகள் கொண்ட பதிவில் அது ஒன்றரை மடங்காக, அதாவது ஏறத்தாழ 22 பிக்சலாக இருக்க வேண்டும். எக்செலில் பெரிதாக்கும் அளவை 150 விழுக்காட்டில் வைத்தால் சரியாக அது கிடைக்கிறது. விலையும் உண்டு. 1920 பிக்சல் அகலத்தில் 100 விழுக்காட்டில் ஏறத்தாழ முப்பது நெடுவரிசைகள் தெரியும் இடத்தில், இப்போது 1280 பிக்சல் அகலத்தில் 150 விழுக்காட்டில் பன்னிரண்டுதான் தெரியும். பாடத்துக்குத் தேவையற்ற நெடுவரிசைகளை மறைத்துவிட்டு நடத்த வேண்டியிருக்கும். தமிழ் எழுத்துக்கு இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் i-யின் புள்ளி போனாலும் சொல் நிற்கும், தமிழில் புள்ளி போனால் க் க ஆகிவிடுகிறது.

திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் இதற்கான அமைப்புகள் சில இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. Video பகுதியில் Base (Canvas) Resolution, Output (Scaled) Resolution இரண்டையும் 1280x720 என்றே வைக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் பதிவின்போதே ஒரு முறை மங்கல் ஏறிவிடும். சட்ட வேகம் 30 போதும். பேசிக்கொண்டே செல்களை நிரப்பும் பாடத்துக்கு 60 என்பது ஒவ்வொரு சட்டத்துக்கும் கிடைக்கும் பிட்டைக் குறைப்பதற்கே உதவும். Advanced பகுதியில் Color Format வழக்கமாக NV12 என்று இருக்கும். அதை I444 ஆக்கினால்தான் மேலே சொன்ன நிற ஆதாயம் கிடைக்கும். Output பகுதியில் எக்ஸ்264 சுருக்கியையும் Rate Control இடத்தில் CRF என்பதையும் தேர்ந்தெடுத்து 14 கொடுக்கலாம். I444 கோப்பைக் கைப்பேசி எடிட்டர்கள் பலவும் திறக்காது. திறக்கும் சில கணினி எடிட்டர்களும் உள்ளுக்குள் 4:2:0 ஆக்கிவிடும். எடிட்டிங் அதிகம் உள்ள பாடமென்றால் அந்த ஆதாயத்தை விட்டுவிட்டு, வண்ண எழுத்தைத் தவிர்ப்பதே எளிது. வெட்டி ஒட்டிய பிறகு இரட்டிக்க, ffmpeg என்ற கட்டளைவரி மென்பொருளில் இந்த ஒரு கட்டளை போதும்:

```
ffmpeg -i paadam.mkv -vf "scale=2560:1440:flags=neighbor,format=yuv420p" -c:v libx264 -preset slow -crf 16 -c:a aac -b:a 192k -movflags +faststart yetram.mp4
```

இதில் neighbor என்பதுதான் உயிர்ச்சொல். அதை விட்டுவிட்டால் மென்பொருள் வழக்கமான மென்மைப்படுத்தும் முறையில் பெரிதாக்கும். இரட்டிப்பு முழு மடங்காக இருந்தும் விளிம்புகள் கலங்கிப்போகும். கேமராக் காட்சிக்கு இந்த முறை பொருந்தாது, படிக்கட்டு போன்ற விளிம்புகள் தெரியும். திரைப்பதிவின் எழுத்துக்கு மட்டும் இது ஏற்றது.

கோப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுருக்கியைத் திணறடிக்கும் சில பழக்கங்கள் உண்டு. அவற்றில் முதலாவது தாளைச் சுட்டியால் மெல்ல உருட்டிக்கொண்டே போவது. உருளும் ஒவ்வொரு சட்டத்திலும் எழுத்துகள் அனைத்தும் இடம் மாறுகின்றன. ஒதுக்கீடு தீர்ந்ததும் எழுத்து குழைகிறது. உருட்டல் நின்ற பிறகு ஓரிரு நொடியில் மெல்லத் தெளிகிறது. அந்தத் தெளிவு வருவதற்குள் ஆசிரியர் அடுத்த இடத்துக்கு உருட்டிவிட்டால், மாணவர் தெளிந்த எழுத்தைப் பார்க்கவே மாட்டார். பேஜ் டவுன் விசையால் ஒரே தாவலில் சென்று, அங்கே மூன்று நொடியாவது பேசாமலோ பேசிக்கொண்டோ நிற்பது இதற்கு நல்ல மாற்று. மூலையில் வைக்கும் வெப்கேம் சன்னலும் இதே வகைத் தொல்லை: மங்கிய அறை வெளிச்சத்தில் எடுத்த முகத்தில் மினுமினுக்கும் இரைச்சல் புள்ளிகள் ஒவ்வொரு சட்டத்திலும் மாறிக்கொண்டே இருப்பதால், அசையாத விரிதாளுக்குப் போக வேண்டிய பிட்டை அவை தின்றுவிடும். முகத்தில் கூடுதலாக ஒரு விளக்கு விழுந்தாலே இரைச்சல் வெகுவாகக் குறையும். முகத்தைப் பாடத்தின் தொடக்கத்தில் காட்டிவிட்டு எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

கோப்பு கைமாறும் வழியும் கவனிக்க வேண்டியது. பதிவு செய்பவர் ஒருவர், ஏற்றுபவர் வேறொருவர் என்ற இடங்களில் கோப்பு வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பப்பட்டால், அங்கேயே அது சிறிதாக்கப்பட்டு மறுசுருக்கம் ஆகிவிடும். அதை வாங்கி 2160p ஆக்கி ஏற்றினால் சிதைந்த எழுத்தைத்தான் அகலமான சாலையில் அனுப்புகிறோம். டாக்குமென்டாக இணைத்து அனுப்பினால் 2 ஜிபி வரையிலான கோப்பு மாறாமல் போகும்.

ஏற்றிய பிறகு சரிபார்ப்பதிலும் அவசரம் கூடாது. யூடியூப் முதலில் தாழ்ந்த தெளிவுத்திறன் பிரதிகளைத்தான் தயார் செய்கிறது. மேல் படிநிலைகள் வரச் சில மணி நேரமும் ஆகலாம். அதற்குள் பார்த்துவிட்டு "கெட்டுவிட்டது" என்று மறுபடி ஏற்றுபவர்கள் ஏராளம். 1440p தேர்வுப் பட்டியலில் தோன்றிய பிறகு அதைத் தேர்ந்தெடுத்து, முழுத்திரையில் வைத்து, காணொளி மேல் வலது சொடுக்கில் வரும் Stats for nerds என்பதைத் திறக்க வேண்டும். Codecs என்ற வரியில் avc1 என்றிருந்தால் எச்.264, vp09 என்றால் விபி9, av01 என்றால் ஏவி1. Current / Optimal Res என்ற வரி இப்போது உண்மையில் ஓடுவது எந்தப் படிநிலை என்று சொல்லும். 1440p கேட்டிருந்தும் அங்கே 1280x720 என்று இருந்தால், குறை காணொளியில் இல்லை, அந்த நேரத்து இணைப்பில் இருக்கிறது. பிறகு உருட்டல் முடிந்து மூன்று நொடி கழித்த ஒரு சட்டத்தில் நிறுத்தி, "பிடித்தம்" என்ற சொல்லை மூலக் கோப்பின் அதே சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1440p-யில் த் மேல் புள்ளி தெளிவாக இருந்து 480p-யில் இல்லையென்றால், எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். 1440p-யிலேயே கலங்கியிருந்தால், மூலக் கோப்பை 200 விழுக்காட்டில் திறந்து பார்க்க வேண்டும். அங்கேயும் நிழல் இருந்தால் பதிவிலோ எடிட்டரின் ஏற்றுமதியிலோ பிழை, அங்கே சுத்தமாக இருந்தால் அந்த இடத்தில் அசைவு அதிகம்.

ஒரு முறை வெளியிட்ட காணொளியின் கோப்பை, முகவரியும் பார்வை எண்ணிக்கையும் மாறாமல், யூடியூபில் மாற்றி வைக்க வழியில்லை. ஆகவே இந்தச் சோதனையை முழுப் பாடத்தில் செய்ய வேண்டியதில்லை. மிகச் சிறிய எழுத்தும் ஓர் உருட்டலும் உள்ள முப்பது நொடித் துண்டை வெட்டி, Unlisted என்ற அமைப்பில் ஏற்றி, அடுத்த நாள் ஒரு சாதாரணக் கைப்பேசியில் 480p வைத்துப் படித்துப் பார்த்த பிறகு மீதியைப் பதிவு செய்யத் தொடங்கலாம்.